ஜாக்கெட் திரும்பி வந்தால் டேப் பிடித்த கையைத் தேடு

மதுரைக் கீழமாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அந்தக் கடை இருந்தது. மாஸ்டர் வெட்டுவார், பெண்களுக்கு அளவு எடுப்பது அவர் மனைவி. புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையற்காரர்களிடம் தொழில் படித்தவர் மாஸ்டர். அங்கே பெரும்பாலும் அளவு ஜாக்கெட்டைப் பார்த்தே வெட்டிப் பழகியவர் என்பதால் டேப் வேலையை மனைவியிடமே விட்டிருந்தார். அந்த அம்மாவுக்கு மூட்டு வலி வந்து நிற்க முடியாமல் போனபோது, தொழில் பழக வந்திருந்த செல்வியின் கழுத்துக்கு டேப் மாறியது. ஆவணி முகூர்த்த நேரம். தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன.

அளவு எடுக்கும்போது மாஸ்டர் திரைக்கு இந்தப் பக்கம் இருப்பார். டேப் எப்படிப் பிடிக்கப்பட்டது என்று அவர் பார்த்ததே இல்லை, அவர் கைக்கு வருவது எண் எழுதிய சீட்டு மட்டும். ஆகவே திரும்பி வந்த துணியை வைத்துத்தான் அவர் செல்வியின் கையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் போன வழியிலேயே இதை எழுதியிருக்கிறேன். உங்கள் தையலில் எந்தக் குறை தெரிகிறதோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஆனால் முதல் குறையைப் படிக்காமல் மற்றதைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

குறை: நின்றால் சரியாக இருக்கிறது, உட்கார்ந்தால் ஹூக் இழுக்கிறது

முதலில் வந்தவர் ஒரு டீச்சர். பட்டு ஜாக்கெட். வெள்ளிக்கிழமை அவர் அக்கா மகளுக்குக் கல்யாணம்.

"கடையில போட்டுப் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வீட்ல போயி கீழ உக்காந்து எந்திரிச்சேன், நடு ஹூக்கு தெறிச்சுருச்சு."

மாஸ்டர் துணியை வாங்குவதற்கு முன் கேள்வி கேட்டார். எந்த ஹூக்? சுருக்கம் குறுக்காக விழுகிறதா, நெடுக்காகவா? எங்கே தொடங்கி எங்கே போகிறது? டீச்சர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. மார்பின் உச்சியிலிருந்து அக்குளை நோக்கிக் குறுக்கே கோடு கோடாக இழுக்கிறது, கீழ் ஹூக் இரண்டும் சும்மா கிடக்கின்றன.

துணி தன் குறையைச் சுருக்கத்தில் காட்டும். குறுக்கே இழுபடும் சுருக்கம் அந்த உயரத்தில் சுற்றளவு போதவில்லை என்பதற்கு அடையாளம். நெடுக்காகத் தொங்கும் மடிப்பு அங்கே துணி கூடிவிட்டது என்பதற்கு அடையாளம். கீழ் ஹூக் மட்டும் இழுத்திருந்தால் மார்புக்குக் கீழே எடுத்த சுற்றளவைச் சந்தேகிக்கலாம். எல்லா ஹூக்கும் இழுத்திருந்தால் வெட்டில் கோளாறா என்று பார்க்கலாம். நடு ஹூக் மட்டும் என்றால் விசாரணை மார்புச் சுற்றளவில் வந்து நிற்கிறது.

ஆனால் அளவுதான் தப்பு என்று இன்னும் சொல்லிவிட முடியாது. சீட்டில் சரியான எண் இருந்து, கத்தரியோ மெஷினோ துணியைத் தின்றிருக்கலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் யாரையும் திட்டக்கூடாது என்பது மாஸ்டரின் கொள்கை. அவர் செய்தது இதுதான். ஹூக்கைக் கழற்றி ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். ஹூக் இருக்கும் கோட்டிலிருந்து ஆரம்பித்து, டாட் முடியும் உயரத்தில், துண்டு துண்டாகச் சுற்றிலும் அளந்து, எதிர்ப்பக்கம் நூல் வளையம் இருக்கும் கோடு வரை கூட்டினார். ஜாக்கெட்டை மேஜையில் மடித்துப் போட்டு இரண்டால் பெருக்கினால் சரியாக வராது, டாட் பிடித்த இடம் தட்டையாகப் படியாது.

வந்த எண் 37½. சீட்டில் செல்வி எழுதியிருந்த மார்பு 35½. அந்தக் கடையில் சாதாரண ஜாக்கெட்டுக்கு மார்பு அளவோடு 2 அங்குலம் லூஸ் சேர்த்து நான்காக வகுத்து வெட்டுவது வழக்கம். 35½-உடன் 2 சேர்ந்தால் 37½. கத்தரி சரி, மெஷின் சரி. இனி மிஞ்சுவது இரண்டுதான்: அளவு எடுத்த பிறகு டீச்சர் உடம்பு போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் டேப் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். சீட்டில் தேதி இருந்தது. அளவு எடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரைக்கு உள்ளே டீச்சருக்கு அளவு எடுத்தார். 37.

இப்போது கணக்கைப் பாருங்கள். 37 அங்குல உடம்புக்கு 37½ அங்குல ஜாக்கெட். 2 அங்குலம் இருக்க வேண்டிய லூஸ் அரை அங்குலமாகச் சுருங்கிவிட்டது. அசையாமல் நிற்கும்போது அந்த அரை அங்குலம் போதும், அதனால்தான் கடையில் போட்டுப் பார்த்தபோது பிரச்சினை தெரியவில்லை. ஆனால் ஆழமாக மூச்சு இழுத்தால் மார்புக்கூடு ஓரிரு அங்குலம் விரியும். குனிந்து உட்காரும்போதோ கையை முன்னால் நீட்டும்போதோ முதுகும் அகலமாகும். துணியில் அதற்கு இடம் இல்லாததால் ஹூக் அந்தப் பாரத்தை ஏற்கிறது. இறுக்கிப் பிடித்த டேப் காட்டும் குறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆள் அசையும் வரை ஒளிந்திருக்கும்.

*ஏன் இறுக்கினாள்?*

செல்வியிடம் கேட்டபோது ஒரு காரணம் வரவில்லை, பல வந்தன. டேப் பிடிக்க அவள் பழகியது கடை வாசலில் நிற்கும் ஃபைபர் பொம்மையில். பொம்மையை எவ்வளவு இறுக்கினாலும் எண் மாறாது. ஆகவே இறுக்கிப் பிடிப்பதுதான் சுத்தமான அளவு என்று அவள் கை பழகிவிட்டது. அடுத்தது, சேலை முந்தானைக்கு மேலேயே டேப் போட்டிருந்தாள். முந்தானை மடிப்பு எண்ணைக் கூட்டிக் காட்டுமே என்று, அதைக் கழிப்பதற்காகக் கொஞ்சம் இழுத்தாள். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. டீச்சரும் வந்த அன்று "நல்லா பிட்டா இருக்கணும்மா" என்று சொல்லியிருந்தார், அதற்காகவும் ஓர் இழுப்பு. கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்: எண் குறைவாக வந்தால் வாடிக்கையாளர்கள் முகம் மலர்கிறது.

இந்தக் கடைசிக் காரணத்தைத் தையல் வகுப்புகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் அளவு எடுக்கும் எல்லாருக்கும் இது தெரியும்.

மாஸ்டர் மனைவி ஒரு தலையணையை எடுத்துப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டையும் அள. ஒரு தடவ இறுக்கி, ஒரு தடவ ஒட்டினாப்புல." பொம்மையில் இரண்டு தடவையும் ஒரே எண். தலையணையில் 2 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். செல்வி மூன்றாவது தடவை இறுக்கிப் பார்த்தபோது இன்னொரு எண் வந்தது. சதையில் டேப்பை இறுக்கினால் அளப்பது உடம்பை அல்ல, அன்றைக்கு நம் கையில் இருந்த பலத்தை. அதனால் இறுக்கியே எடுத்துவிட்டு லூஸைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானமும் செல்லாது. எவ்வளவு கூடச் சேர்ப்பது? மெலிந்த உடம்பில் இறுக்கினால் எலும்பு தடுத்துக் கால் அங்குலம்தான் குறையும். சதைப்பிடிப்பான உடம்பில் அதே இழுப்பு 2 அங்குலத்தை விழுங்கும்.

*ஒட்டினாற்போல் என்றால் எப்படி?*

மாஸ்டர் மனைவி காட்டிய முறையில் கை முஷ்டி பிடிக்காது. டேப்பின் இரண்டு பக்கத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டும் பிடிக்க வேண்டும். முஷ்டியில் பிடித்தால் தோளிலிருந்து பலம் வரும், விரல் நுனியில் பிடித்தால் வராது. முந்தானையை ஒதுக்கச் சொல்லி, உடம்போடு படிந்த ஜாக்கெட்டுக்கு மேலே போட வேண்டும். விசேஷத்தன்று போடப்போகும் உள்ளாடையையே அன்றைக்கும் போட்டு வரச் சொல்ல வேண்டும், அது மாறினால் எண்ணும் மாறும். முதுகில் டேப் தரைக்குச் சமமாகப் போகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் கை இரண்டும் தொங்கிக் கிடக்க வேண்டும்.

அப்புறம் இரண்டு சோதனை. டேப்பைப் பக்கவாட்டில் லேசாக நகர்த்தினால் அது துணியின் மேல் வழுக்கிப் போக வேண்டும். பிடியைத் தளர்த்தாமல் அப்படியே நிறுத்தினால் கீழே சரியவும் கூடாது. வழுக்காவிட்டால் இறுக்கம், சரிந்தால் தளர்வு. கண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு. டேப்பின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சதையோ துணியோ புடைத்து எழுந்திருந்தால் இறுக்கிவிட்டோம். எண்ணைப் படிப்பது அதற்குப் பிறகுதான். படித்ததும் டேப்பை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி சுற்றி இன்னொரு தடவை எடுக்க வேண்டும். இரண்டு எண்ணும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் எழுதலாம்.

"அளக்கும்போது பேச்சுக் குடு" என்றார் அந்த அம்மா. டேப் மேலே பட்டதும் பலரும் தங்களை அறியாமலே மூச்சைப் பிடித்து நிமிர்ந்து நிற்பார்கள். சிலர் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். கல்யாணம் எங்கே, எந்த மண்டபம், சமையல் யாரு என்று கேட்டால் பதில் சொல்வதற்காகவாவது மூச்சு விட்டாக வேண்டும். அவர் இத்தனை வருடமும் வாடிக்கையாளர்களிடம் ஊர்க்கதை பேசியதற்கு அதுதான் காரணம் என்று மாஸ்டருக்கே அன்றுதான் தெரிந்தது.

*டீச்சரின் ஜாக்கெட்டைச் சரிசெய்த விதம்*

பக்கத் தையலுக்கு உள்ளே ஒவ்வோர் ஓரத்திலும் 1 அங்குலம் துணி விட்டிருந்தார்கள். தேவை மொத்தம் 1½ அங்குலம். ஜாக்கெட்டுக்கு இடமும் வலமுமாக இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் முன் துணி, பின் துணி என்று இரண்டு ஓரம். ஆக நான்கு ஓரம். 1½-ஐ நான்கால் வகுத்தால் ஓர் ஓரத்துக்கு முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது ⅜ அங்குலம். மாஸ்டர் பழைய தையலுக்கு வெளியே ⅜ தள்ளி சாக்கில் கோடு போட்டார். முதலில் புதுத் தையலை ஓட்டிவிட்டு, அப்புறம்தான் பழைய தையலைப் பிரித்தார். முதலிலேயே பிரித்துவிட்டால் பட்டு நழுவும், கோடு கோணும்.

கை நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் போட்ட தையல் என்பதால், அக்குளில் ⅜ தள்ளி வந்த புதுக்கோட்டைக் கையின் விளிம்பு நெருங்க நெருங்கச் சரித்துப் பழைய கோட்டோடு சேர்த்தார். பட்டில் ஊசித் துளை மறையாது. பழைய தையல் இருந்த கோடு தெரியத்தான் செய்யும். அக்குளுக்கு அடியில் என்பதால் கையை இறக்கினால் மறைந்துவிடும் என்று டீச்சரிடம் மறைக்காமல் சொன்னார்.

குறை: அக்குளில் வெட்டுகிறது, கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறுகிறது

இது முதல் குறையின் தம்பி. பல சமயம் இரண்டும் சேர்ந்தே வரும். மார்பு எண் இறுகினால் அக்குள் ஏன் வெட்ட வேண்டும் என்று செல்வி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆர்ம்ஹோல் இறக்கத்தைப் பல கடைகளில் தனியாக அளப்பதில்லை, மார்பு அளவிலிருந்து கணக்கிட்டுப் போடுகிறார்கள். கணக்குக் கடைக்குக் கடை மாறும். இந்த மாஸ்டர் மார்பில் ஆறில் ஒரு பங்கு எடுப்பார். 37-க்கு அது 6 அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். 35½-க்கு 6-ஐ எட்டாது. வித்தியாசம் கால் அங்குலம். கேட்கச் சின்னதுதான், ஆனால் ஆர்ம்ஹோலின் அடி அந்தக் கால் அங்குலம் மேலே ஏறி அக்குள் மடிப்பில் உட்கார்ந்துவிடும். தப்பான ஓர் எண் அது எழுதப்பட்ட இடத்தோடு நிற்பதில்லை. அதிலிருந்து எதையெல்லாம் கணக்கிடுகிறோமோ அங்கெல்லாம் போய் நிற்கும்.

இங்கே அவசரப்பட்டு ஆர்ம்ஹோலைத் தோண்டக் கூடாது. பக்கத் தையலைத் தள்ளினாலே ஆர்ம்ஹோல் சுற்றளவும் கொஞ்சம் கூடும். முதலில் அதைச் செய்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, கையை முன்னால் நீட்டச் சொல்ல வேண்டும். அப்போதும் வெட்டினால்தான் கையின் அடிப்பாகத் தையலைப் பிரித்து, கால் அங்குலம் மட்டும் இறக்கி வெட்டலாம். அதற்கு மேல் இறக்கினால் நிலைமை தலைகீழாகும், கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முன்னைவிட அதிகமாக மேலே ஏறும். வெட்டிய துணியை ஒட்டவும் முடியாது. டீச்சருக்குப் பக்கத் தையலோடு சரியாகிவிட்டது.

மார்பு எண் சரியாக இருந்தும் அக்குள் வெட்டினால் காரணம் வேறு. தோள் அகலம் தப்பியிருக்கலாம், கை வெட்டின் வளைவு போதாமல் இருக்கலாம். அதற்கும் டேப்பை இறுக்குவதற்கும் சம்பந்தமில்லை.

குறை: அக்குளுக்குக் கீழே நெடுக்கு மடிப்பு, குனிந்தால் கழுத்து திறக்கிறது

திட்டு வாங்கியவர்கள் எதிர்த் திசையில் ஓடுவார்கள். அடுத்த வாரம் செல்வி எடுத்த அளவுகளில் ஒன்று 38½. அந்தப் பெண் திரும்பி வந்தபோது ஜாக்கெட் பை மாதிரி தொங்கியது. உள்பக்கம் அளந்தால் 40½, சீட்டோடு ஒத்துப்போகிறது. மறுபடி உடம்பை அளந்தால் 37.

செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "கால் இன்ச்சுக்கு மேல தள்ளியே பிடிக்கல அத்தே. டேப்புக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு பென்சில் கனம்தான் இருந்திருக்கும்."

அவள் பொய் சொல்லவில்லை. கால் அங்குலம்தான், ஆனால் சுற்றிலும் கால் அங்குலம். வட்டத்தை எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விரித்தால் சுற்றளவு அதைப் போல ஆறு மடங்குக்கு மேல் கூடும், ஏறக்குறைய 1½ அங்குலம். இது உடம்பு மெலிந்ததா பருத்ததா என்பதைப் பொறுத்ததல்ல, இருவருக்கும் அதே 1½ கூடும். ஆகவே தளர்வாகப் பிடிப்பது பாதுகாப்பான தப்பு என்று நினைக்க வேண்டாம். தொங்கும் டேப்பும் இறுக்கும் டேப்பும் ஒரே அளவுக்குக் கெடுக்கும், திசைதான் வேறு.

அப்படியானால் ஊரெல்லாம் சொல்கிற 'ஒரு விரல் விட்டு அள' என்பது என்ன? டேப்புக்கு அடியில் ஓர் இடத்தில் மட்டும் விரலைச் செருகி, மற்ற இடமெல்லாம் உடம்போடு ஒட்டியிருந்தால் சுற்றளவு கால் அங்குலமோ சற்று மேலேயோதான் கூடும். விரல் டேப்பை இறுகவிடாமல் தடுக்கிறது, அதன் வேலை அவ்வளவுதான். அதை லூஸ் என்று எண்ணி, இரண்டு விரல், நான்கு விரல் என்று கூட்டிக்கொண்டு போவது வேறு கணக்கு. அளப்பவர் விரலில் ஒரு லூஸ் வைத்து, வெட்டுபவர் சாக்கில் இன்னொரு லூஸ் வைத்தால் ஜாக்கெட் தொங்கும். அளப்பவரும் வெட்டுபவரும் ஒரே ஆளாக இருந்தால் இந்தக் குளறுபடி வெளியே தெரியாது, தன் கைப்பழக்கத்துக்கு ஏற்றபடி அவர் வெட்டிவிடுவார். திரைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் என்ற கடையில்தான் மாட்டிக்கொள்ளும். மாஸ்டர் அன்று போட்ட விதி: திரைக்கு அந்தப் பக்கம் உடம்பு மட்டும், லூஸ் முழுக்க இந்தப் பக்கம்.

சரிசெய்வது எளிது. பக்கத் தையலை உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும், அதே நான்கு ஓரக் கணக்கு. ஆனால் மீதித் துணியை வெட்டி எறியக் கூடாது. கழுத்து அகலம் கூடிப் போயிருந்தால் மட்டும் இது உதவாது. தோள் தையலில் அரை அங்குலம் பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

குறை: மேல்கையில் தடம் பதிகிறது, உடம்பு சரி

இதில் சொல்ல அதிகமில்லை. கை நீட்டித் தொங்கும்போது ஒட்டினாற்போல் எடுத்த அளவுகூட, முழங்கையை மடக்கினால் போதாமல் போகும். மேல்கைத் தசை அப்போது திரண்டு எழும். டேப்பை மேல்கையில் சுற்றிவிட்டு, தலைமுடியைக் கட்டுவதுபோல் ஒரு தடவை கையை மடக்கச் சொல்லுங்கள். டேப் கடித்தால் அந்த மடங்கிய அளவையும் சீட்டில் பக்கத்தில் எழுதி வையுங்கள். முழங்கை வரை நீளும் கைக்கு இது மிக அவசியம். குட்டைக் கைக்கு அவ்வளவாக வேண்டாம்.

குறை: கை சரியாகப் பிடித்தும் எல்லா ஜாக்கெட்டும் ஒரே திசையில் தப்புகிறது

செல்வியின் கை தேறிய பிறகு இது வந்தது. மாஸ்டர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எல்லா ஜாக்கெட்டும் அரை அங்குலம் போல லூஸாகவே வந்தது. ஆளுக்கு ஆள் திசை மாறினால் கையைச் சந்தேகிக்கலாம். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் சந்தேகிக்க வேண்டியது டேப்பை.

செல்வியிடம் இருந்தது புது டேப். மாஸ்டர் மேஜையில் கிடந்தது பல வருடத்து டேப், மேல்பூச்சு வெடித்து, நுனித் தகடு கழன்றது. இரண்டையும் நுனி சேர்த்து நீட்டியபோது 36-ஆம் கோட்டில் பழையது அரை அங்குலம் நீண்டிருந்தது. உடம்பைப் புது டேப்பில் 36 என்று அளந்து, துணியைப் பழைய டேப்பில் 36 என்று வெட்டினால் அது உண்மையில் 36½. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அளப்பதும் வெட்டுவதும் அதே நீண்ட டேப்பால் நடந்த காலம் வரை தப்பு தன்னைத்தானே அடித்துக்கொண்டது. மாஸ்டர் மனைவியும் அந்தப் பழைய டேப்பைத்தான் திரைக்குள் வாங்கிக்கொண்டு போவார். செல்விக்குப் புதிது வாங்கிக் கொடுத்த நாளில் இருந்துதான் இது தலைதூக்கியது. டீச்சருக்கு அளவு எடுத்தபோதும் ஜாக்கெட்டை அளந்தபோதும் பழைய டேப் ஒன்றே பயன்பட்டதால் அந்தக் கணக்கு உதைக்கவில்லை.

ஆனால் இறுக்கிப் பிடிக்கும் தப்பு இப்படி அடிபட்டுப் போகாது. மேஜையில் விரித்த துணியை எவ்வளவு இழுத்துப் பிடித்து அளந்தாலும் அது சதை மாதிரி அமுங்காதே.

டேப்பைச் சோதிக்க இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். 12 அங்குல ஸ்கேலை மூன்று தடவை வைத்து 36-ஐ மேஜையில் குறித்துவிட்டு டேப்பை அதன் மேல் இழுக்காமல் கிடத்துங்கள். ஒத்துப்போகாத டேப்பைக் கத்தரியால் இரண்டாக வெட்டிப் போடுவது நல்லது, இல்லையென்றால் யாராவது எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். நுனித் தகடு கழன்ற டேப்பில் 1-ஆம் கோட்டிலிருந்து அளந்துவிட்டு 1-ஐக் கழிக்க மறப்பதும் நடக்கும். அப்போது தப்பு சரியாக ஓர் அங்குலமாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

குறையே இல்லை, ஆனால் 'டைட்டா வேணும்' என்கிறார்

ஐப்பசியில் ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். செல்வி முந்தானையை ஒதுக்கச் சொல்லி, மண்டபம் எது என்று கேட்டு, இரண்டு தடவை அளந்தாள். 36.

"முப்பத்தாறா? எனக்கு எப்பவும் முப்பத்தி நாலுதான்க்கா. கொஞ்சம் இழுத்துப் பிடிங்க, டைட்டாத்தான் வேணும்."

"டைட்டு வேணும்னா தச்சுத் தருவாக. டேப்ப இழுக்க மாட்டேன்."

கடையில் இப்போது சீட்டில் தனியாக ஓர் இடம் விட்டிருந்தார்கள். சாதாரணம் என்றால் 2 அங்குல லூஸ், பிடிப்பு என்றால் 1, வயதானவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் 3. பிடிப்பு கேட்பவரிடம் உட்கார்ந்து எழும்போது கொஞ்சம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பக்கத் தையலுக்குள் 1½ அங்குலம் விட வேண்டும். செல்வி அந்தப் பெண்ணிடம் அதைச் சொன்னாள். சீட்டில் 36 என்று எழுதி, பக்கத்தில் 'பிடிப்பு' என்று போட்டு, திரைக்கு மேலாக நீட்டினாள்.

மாஸ்டர் 37-க்குக் கோடு போட்டார். நான்கில் ஒரு பங்கு 9¼.